தண்ணீரை நிறுத்தி வீட்டைக் காலி செய்ய வைக்க முடியுமா?

வாடகை இரண்டு மாதம் நின்றுபோகிறது, அல்லது ஒப்பந்தக் காலம் முடிந்தும் குடியிருப்பவர் நகரவில்லை. ஒருநாள் காலை குழாயில் தண்ணீர் வராது. கேட்டால் "மோட்டார் ரிப்பேர்" என்பார்கள். கீழ் வீட்டில் மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். அதற்கடுத்த நாள் மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் கட்டை இருக்காது. கடைசியில், வெளியூர் போய்த் திரும்பினால் கதவில் புதுப் பூட்டு தொங்கும். தமிழ்நாட்டு நகரங்களில் வாடகைக்கு இருந்தவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள், அல்லது பக்கத்து வீட்டில் நடந்ததைக் கேட்டிருப்பார்கள். இதைச் செய்யும் வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் தாங்கள் சட்டத்தை மீறுவதாக நினைப்பதே இல்லை. வீடு என்னுடையது, மோட்டார் என்னுடையது, இ.பி. கார்டு என் பெயரில் இருக்கிறது, பிறகென்ன என்பதுதான் அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு பிசகுவது ஓர் இடத்தில்தான். வீட்டின் உரிமை வீட்டுக்காரரிடம் இருக்கிறது. ஆனால் வாடகைக்கு விட்ட நாள் முதல் அந்த வீட்டின் அனுபோகம் குடியிருப்பவரிடம் இருக்கிறது. உரிமை வேறு, அனுபோகம் வேறு. குடியிருப்பவர் வாடகை தராமல் தவறு செய்திருக்கலாம், காலம் கடந்தும் தங்கியிருக்கலாம். அப்போதும் அனுபோகம் தானாகவே வீட்டுக்காரர் கைக்குத் திரும்பிவிடாது. நீதிமன்றம் சொன்னால்தான் திரும்பும். இது இன்று நேற்று வந்த விதி இல்லை. மிட்னாப்பூர் ஜமீன் வழக்கில் 1924-லேயே பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: இந்த நாட்டில் யாரும் பலாத்காரமாக இடத்தைக் கைப்பற்றக் கூடாது, நீதிமன்றம் வழியாகத்தான் பெற வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு லல்லு யஷ்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. குத்தகைக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காகக்கூட உரிமையாளர் ஆளைத் தூக்கி வெளியே போட முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கென்று இப்போது இருப்பது 2017-ஆம் ஆண்டு நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் என்று அதற்கு நீளமான பெயர். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது இது. பழைய சட்டம் குடியிருப்பவர் பக்கம் சாய்ந்தது என்றும், புதியது வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்தது என்றும் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் தண்ணீர், மின்சார விஷயத்தில் புதிய சட்டம் கொஞ்சமும் இளகவில்லை.

அந்தச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்வது இதுதான். வீட்டுக்காரரோ, அவருக்காக வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ, நேரடியாகவோ வேறு ஆளை வைத்தோ, குடியிருப்பவருக்கு அத்தியாவசியச் சேவை எதையும் நிறுத்தக் கூடாது. அத்தியாவசியச் சேவை என்றால் தண்ணீரும் மின்சாரமும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மாடிப்படி விளக்கு, லிஃப்ட், வாகனம் நிறுத்தும் இடம், கழிவுநீர், குப்பை அகற்றல், தகவல் தொடர்பு இணைப்புகள் எல்லாமே அதில் அடங்கும். நான்காவது மாடியில் முதியவர் இருக்கும் வீட்டுக்கு லிஃப்டை நிறுத்துவது, பைக் நிற்கும் இடத்தில் செங்கல்லைக் கொட்டி வைப்பது எல்லாம் இதே பிரிவில்தான் வரும். கவனிக்க வேண்டியது இன்னொன்று. "வாடகை பாக்கி இல்லாதவருக்கு" என்ற நிபந்தனை எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. பாக்கி வைத்தவருக்கும் தண்ணீர் வர வேண்டும். பாக்கியை வசூலிக்க வேறு வழி இருக்கிறது, அதைப் பின்னால் பார்ப்போம்.

புகார் செய்வதற்கு முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்வது நல்லது: நிறுத்தியது யார்? மின்சாரம் போனால் முதலில் தெருவையும் பக்கத்து வீட்டையும் பாருங்கள். அங்கே இருந்து, உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் மீட்டரைப் பாருங்கள். மீட்டர் திரையில் எண் தெரிகிறது, ஆனால் வீட்டுக்கு மின்சாரம் வரவில்லை என்றால் மீட்டருக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஃபியூஸ் கட்டை கழற்றப்பட்டிருக்கலாம், மெயின் ஸ்விட்சைப் பூட்டியிருக்கலாம். மின்வாரியமே துண்டித்திருந்தால் கதை வேறு. மின் இணைப்பு எண்ணைக் கொண்டு பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பாக்கி இருந்து, அந்தப் பணத்தை நீங்கள் மாதாமாதம் வீட்டுக்காரரிடம் கொடுத்துவந்து, அவர் கட்டாமல் விட்டிருந்தால் அதுவும் சேவையை நிறுத்தியதுதான். நீங்களே கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டிருந்தால் வீட்டுக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீருக்கும் இதே விசாரணைதான். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருந்தும் உங்கள் பகுதிக்கு மட்டும் வரவில்லை என்றால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் உங்களுக்கான கேட் வால்வு மூடப்பட்டிருக்கும். தொட்டியே காலி என்றால் மோட்டார் போடவில்லை. கோடையில் போர்வெல் வற்றித் தெருவே லாரித் தண்ணீருக்கு நிற்கும்போது அதை வீட்டுக்காரர் சதி என்று எழுதினால் மனு நிற்காது. பொய்யாகக் கொடுத்த மனு என்று தெரிந்தால் குடியிருப்பவர் மீதே சுமை விழவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். சென்னையில் ஒரு வீட்டின் முதல் மாடிப் பகுதியில் ஒரு தையல்காரரின் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 36,000. ஒப்பந்தம் 11 மாதத்துக்கு. ஜூன், ஜூலை இரண்டு மாத வாடகை கொடுக்கவில்லை. கேட்டபோது "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர், அந்த வாடகைதான் அவருக்கு மருந்துச் செலவு. கோபம் வருவது இயல்பு. ஆகஸ்ட் 3-ஆம் தேதி இரவு கேட் வால்வை மூடுகிறார், மறுநாள் ஃபியூஸ் கட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துக்கொள்கிறார்.

இந்தக் கதையில் இருவருமே தவறியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு தவறுகளையும் சட்டம் ஒரே தராசில் வைப்பதில்லை, தனித்தனியாக விசாரிக்கிறது. தையல்காரர் முதலில் செய்ய வேண்டியது சண்டை இல்லை, சாட்சியம் சேர்ப்பது. மூடிய வால்வு, ஃபியூஸ் இல்லாத பெட்டி, பக்கத்து வீட்டில் எரியும் விளக்கு மூன்றையும் ஒரே காணொளியில் தேதியோடு எடுக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் "நேற்று இரவு முதல் தண்ணீர் வரவில்லை, வால்வைத் திறந்துவிடுங்கள்" என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அவர் "வாடகை குடு, திறக்கிறேன்" என்று பதில் போட்டால் அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. வாடகை அனுப்பிய வங்கிப் பதிவு, ஒப்பந்தப் பத்திரம், அந்த முகவரியில் உள்ள கேஸ் பில், ஆதார், பிள்ளைகளின் பள்ளி ரசீது எல்லாம் தான் அங்கே குடியிருப்பதைக் காட்டும்.

பிறகு மனு. இதைப் போய்ச் சேர்க்க வேண்டிய இடம் வாடகை அதிகாரி. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அந்தப் பொறுப்பில் இருப்பார். ஒப்பந்தங்களைப் பதிவு செய்வதும் அவர் அலுவலகம்தான். மனு நீளமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எந்த வீடு, எப்போது முதல் குடியிருப்பு, எந்தச் சேவை எந்த நாளில் நின்றது, யார் நிறுத்தியது என்பதற்கு என்ன ஆதாரம், என்ன வேண்டும் என்பது போதும். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் சேவையை உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. அதைத் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். பலர் எழுத மறப்பது இதைத்தான். மனு கொடுத்த ஒரு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நிறுத்தியது வீட்டுக்காரர்தான் என்று தெரிந்தால் அவர் பணம் கட்ட நேரும்.

மனுவில் வாடகை பாக்கியை மறைக்கக் கூடாது. இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது, இன்ன தேதிக்குள் கட்டுகிறேன் என்று தானாகவே எழுதிவிடுவது நல்லது. வீட்டுக்காரர் அதைச் சொல்லி அதிகாரி கேட்பதைவிட அது எவ்வளவோ மேல். "அட்வான்ஸில் கழித்துக்கொள்" என்ற பதிலும் ஆபத்தானது. அட்வான்ஸ் என்பது வீட்டைக் காலி செய்து கொடுக்கும்போது கணக்குப் பார்ப்பதற்கான காப்புத்தொகை. நடுவில் குடியிருப்பவர் தன்னிச்சையாக அதை வாடகையாக மாற்றிக்கொள்ள முடியாது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் அதை வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி உண்டு. வாங்க மறுத்துவிட்டுப் பிறகு பாக்கி என்று வழக்குப் போடும் பழைய தந்திரத்துக்கு அது பூட்டு போடுகிறது.

மின்சாரத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003, இணைப்புக் கேட்கும் உரிமையை உரிமையாளருக்கு மட்டுமின்றி அந்த இடத்தில் குடியிருப்பவருக்கும் தருகிறது. வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தராவிட்டால் தமிழ்நாட்டு மின் வழங்கல் விதிகளின்படி சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரம் காட்டி, ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, கூடுதல் காப்புத்தொகை கட்டித் தனி இணைப்புப் பெறலாம். 2022 மே மாதம் திலீப் எதிர் சதீஷ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக அதைக் குடியிருப்பவருக்கு மறுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. விண்ணப்பித்தவர் அந்த இடத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பதே மின் அலுவலகத்தின் வேலை.

பூட்டுப் போடுவது இவற்றை எல்லாம்விடக் கொடியது. பிள்ளைகளின் பாடப்புத்தகமும், முதியவரின் மாத்திரையும், தையல் இயந்திரமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்போது காவல்துறையை அழைக்கத் தயங்கக் கூடாது. நிலையத்தில் பெரும்பாலும் வரும் பதில் "இது சிவில் மேட்டர்ம்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்பது. வாடகை எவ்வளவு, யார் எப்போது காலி செய்ய வேண்டும் என்பது சிவில் விவகாரம்தான். ஆனால் ஒருவரை அவர் செல்ல உரிமையுள்ள இடத்துக்குப் போகவிடாமல் மறிப்பதும், அவர் அனுபோகத்தில் இருக்கும் வீட்டுக்குள் குற்ற நோக்கோடு நுழைவதும் பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும். நிலையத்தில் மறுத்தால் அதே புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம், மாநகரம் என்றால் துணை ஆணையருக்கு. அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பூட்டைத் தானே உடைக்கும் ஆசை வரும். உடைத்தால் "உள்ளே வைத்திருந்த பொருளைக் காணோம்" என்ற எதிர்ப்புகார் வர வாய்ப்பு இருக்கிறது. காவலர் முன்னிலையில் திறப்பதே பாதுகாப்பு. உள்ளே என்னென்ன இருந்தன என்ற பட்டியலை நினைவு புதிதாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

சிவில் நீதிமன்றத்தில் இதற்கென்றே ஒரு வழக்கு உண்டு. குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 1963-இன் 6-ஆவது பிரிவு அதைத் தருகிறது. ஒருவரைச் சட்டப்படி அல்லாமல் வெளியேற்றினால், வெளியேற்றிய ஆறு மாதத்துக்குள் அவர் அனுபோகத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். இதில் வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. நேற்றுவரை உள்ளே இருந்தாரா, அவருடைய சம்மதமும் சட்ட நடைமுறையும் இல்லாமல் வெளியேற்றப்பட்டாரா என்ற இரண்டு கேள்விகள்தான். வீட்டுக்காரர் பத்திரத்தை எடுத்துக் காட்டினாலும் அது இங்கே பேசாது. இந்தத் தீர்ப்பின் மீது மேல்முறையீடும் கிடையாது. ஆறு மாதம் என்பது கறாரான கெடு. சமாதானம் பேசுகிறோம் என்று இழுத்தடித்தே அந்தக் கெடுவைத் தாண்டவைப்பவர்கள் இருக்கிறார்கள், ஆகவே பேச்சுவார்த்தை நடக்கும்போதும் தேதியை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் வீட்டுக்காரருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. மேலே சொன்ன ஓய்வுபெற்றவர் வால்வில் கை வைக்காமல் அன்றே ஒரு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் அவர் நிலை எவ்வளவோ பலமாக இருந்திருக்கும். 2017 சட்டத்தின் 21-ஆவது பிரிவில் காலி செய்யக் கேட்பதற்கான காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மாத வாடகை பாக்கி, எழுத்துப்பூர்வ சம்மதமில்லாமல் உள்வாடகை விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, ஆள் இருக்கும்போது செய்ய முடியாத பழுதுபார்ப்பு அல்லது இடித்துக் கட்டுதல், வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுவது ஆகியவை முக்கியமானவை.

வாடகை பாக்கி என்றால் முதலில் பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நம் உதாரணத்தில் ஆகஸ்ட் 5-ஆம் தேதி தையல்காரர் நோட்டீஸைப் பெறுகிறார் என்றால், ஜூன், ஜூலை வாடகையான 24,000 ரூபாயை, வட்டி ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து, ஒரு மாதத்துக்குள் அவர் கட்டிவிட வேண்டும். கட்டிவிட்டால் அந்தக் காரணம் விழுந்துவிடும், அவரை அதற்காக வெளியேற்ற முடியாது. இந்தச் சலுகையை நம்பித் திரும்பத் திரும்பப் பாக்கி வைத்தால் அது மறுபடி கிடைக்காது. ஒரு மாதமும் கடந்து பணம் வரவில்லை என்றால் வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது: ஒப்பந்தப் பதிவு, சேவை நிறுத்தம், வாடகையைச் செலுத்துவது போன்றவை வாடகை அதிகாரியிடம். காலி செய்ய உத்தரவு கேட்பது வாடகை நீதிமன்றத்தில், நீதித்துறை அதிகாரி முன்னால். அங்கே குடியிருப்பவருக்குச் சம்மன் போகும், அவர் பதில் சொல்வார், இரு தரப்பையும் கேட்டு உத்தரவு வரும். அதில் குறையிருந்தால் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு.

உத்தரவு வந்த பிறகும் வீட்டுக்காரர் பூட்டோடு போய் நிற்க முடியாது என்பதைப் பலர் அறிவதில்லை. காலி செய்யாவிட்டால் உத்தரவை நிறைவேற்றக் கேட்டு மறுபடி மனுப் போட வேண்டும். நீதிமன்ற அமீனா வருவார், தேவைப்பட்டால் காவல் பாதுகாப்போடு. பூட்டை உடைக்க வேண்டுமானால் அதற்கும் நீதிமன்றத்தின் சொல் வேண்டும். உள்ளே இருக்கும் பொருட்களுக்குப் பட்டியல் எடுக்கப்படும். மெதுவான வழி என்று தோன்றும், சில ஊர்களில் மெதுவானதும்தான். ஆனால் தாமதத்துக்கு வீட்டுக்காரருக்கு ஈடு இருக்கிறது. குடியிருப்பு முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருப்பவரிடம் இருமடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்க 23-ஆவது பிரிவு இடம் தருகிறது. 12,000 ரூபாய் வாடகைக்கு அது மாதம் 24,000. தண்ணீரை நிறுத்திய வீட்டுக்காரரோ அந்தப் பலத்தைத் தானே சிதறடிக்கிறார். பாக்கி வைத்தவர் என்று அதிகாரி முன்னால் நிற்க வேண்டியவர் பாதிக்கப்பட்டவராக நிற்கிறார், வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒப்பந்தக் காலம் முடிந்த மறுநாளே குடியிருப்பவர் அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிட மாட்டார். புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால் அதே நிபந்தனைகளோடு மாதத்துக்கு மாதம், அதிகபட்சம் ஆறு மாதம் வரை குடியிருப்பு நீடிப்பதாகவே சட்டம் கருதுகிறது. "காலம் முடிந்தால் வீட்டைப் பூட்டிக்கொள்ள உரிமையாளருக்கு உரிமை உண்டு" என்று பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சட்டம் தடுத்ததை ஒரு வரியால் அனுமதிக்க முடியாது.

குடியிருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே வெட்டிக்கொள்ளும் குழி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல், வாய்ப்பேச்சில் பத்து வருடம் குடியிருப்பவர்கள் ஏராளம். 11 மாதப் பத்திரம் போட்டால் எங்கும் பதிய வேண்டாம் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. புதிய சட்டத்தில் எந்தக் காலத்துக்கான ஒப்பந்தமும் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தம் செய்துகொள்ளாததே காலி செய்யக் கேட்பதற்கான காரணமாக 21-ஆவது பிரிவின் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. வீட்டுக்காரர் ஒப்பந்தத்துக்கு அழைக்கும்போது "இத்தனை வருஷம் இல்லாதது இப்ப எதுக்கு" என்று தட்டிக்கழிப்பவர் தன் பிடியைத் தானே தளர்த்துகிறார். வீட்டுக்காரர் முன்வராவிட்டால் குடியிருப்பவரே முன்வந்து எழுத்தில் கேட்டு, அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் இல்லாதவரையும் தெருவில் தள்ள முடியாது, ஏனென்றால் 6-ஆவது பிரிவு வழக்கு அனுபோகத்தை மட்டுமே பார்க்கிறது. ஆனால் வாடகை அதிகாரி முன்னால் பதிவு எண்ணோடு நிற்பவரின் வேலை எளிதாக முடியும்.

எல்லா இடத்துக்கும் இந்த 2017 சட்டம் பொருந்தாது. அரசு, உள்ளாட்சிக் கட்டடங்கள், கோயில் மற்றும் வக்ஃபு சொத்துகள், நிறுவனம் தன் ஊழியருக்கு வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீடுகள் இதற்கு வெளியே இருக்கின்றன. அவற்றுக்கு வெவ்வேறு சட்டங்கள், வெவ்வேறு அதிகாரிகள்.

காலி செய்யும் நாள் வந்துவிட்டால், அது சமாதானமாக வந்தாலும் உத்தரவால் வந்தாலும், சாவியைக் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கடைசி மீட்டர் அளவைப் படம் எடுத்து, மின்கட்டணத்தைக் கணக்குத் தீர்த்து, ஒவ்வோர் அறையின் நிலையையும் இருவரும் சேர்ந்து பார்த்து, சாவி ஒப்படைத்த தேதியை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்துதான் அட்வான்ஸைத் திருப்பித் தருவதற்கான ஒரு மாதக் கெடு ஓடத் தொடங்குகிறது. பாக்கியோ பழுதோ இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு மீதியை வீட்டுக்காரர் தந்தாக வேண்டும்.